பிந்திப் போன சேலைக்கு எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதம்

"கல்லடியில் வீட்டில் வைத்து மருதமுனைக் கைத்தறிச் சேலை விற்கிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அக்கா, தன் மகளின் சாமத்திய வீட்டுக்கு, தனக்கும் தங்கைக்கும் என்று ஒரே மாதிரி இரண்டு சேலை ஓடர் பண்ணினார். ஒன்று 6,800 ரூபா, கூரியர் 550. நவம்பர் 8 அனுப்பினால் 11க்குக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தேன். நெசவுக்காரர் பிந்தியதால் 12தான் அனுப்ப முடிந்தது. விழா 14, பார்சல் போனது 15. அதிலும் ஒரு சேலை நனைந்து சிவப்புக் கரை வெள்ளையில் இறங்கிவிட்டது. கூரியர்காரர் மழையில் போட்டதுதான் காரணம். அந்த அக்கா கோபமாக மின்னஞ்சல் போட்டிருக்கிறார். என் பதிலையும் பார்சல் படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். அனுப்பலாமா? பிழையை ஒத்துக்கொண்டு எழுதினால் பிறகு சிக்கல் வருமா?"

இந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு புடவைக் கடையில் 17 வருடம் கணக்கும் கடிதமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய எழுதியிருக்கிறேன், அவற்றுக்கு வந்த பதில்களையும் வாசித்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் சொற்கள் பணிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் நடந்ததும் கடிதம் சொல்வதும் ஒன்றல்ல. முதலில் நீங்களே தந்த திகதிகளை எண்ணிப் பாருங்கள். 8 அனுப்பினால் 11 போய்ச் சேரும் என்றீர்கள், அதாவது கூரியருக்கு மூன்று நாள். 12 அனுப்பினீர்கள், 15 போய்ச் சேர்ந்தது. அதுவும் மூன்றே நாள். நீங்கள் கணக்குப் போட்ட நாளுக்கு மேல் கூரியர்காரர் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. பிந்திய நான்கு நாளும் உங்கள் பக்கத்தில் பிந்தியவை. நெசவுக்காரர் தாமதித்தார் என்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விசயம். அந்த அக்கா காசு கொடுத்தது உங்களிடம். நீங்கள் எந்தத் திகதியில் பார்சலை ஒப்படைத்தீர்கள் என்பது அதில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே இருக்கும், அதை அவர் பார்த்திருப்பார். அதைப் பார்த்தவரிடம் கூரியரைக் குறை சொன்னால், பிந்திய கோபத்தோடு பொய் சொன்ன கோபமும் சேரும்.

நனைந்த விசயத்தில் நிச்சயமாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நனைந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூரியர் வாகனத்திலோ களஞ்சியத்திலோ வாசல் படியிலோ, எங்கேயும் நடந்திருக்கலாம். ஆனால் நீங்கள் போட்ட படத்தில் கடதாசி உறையும் அதற்கு மேல் அட்டைப்பெட்டியும் மட்டும்தான் தெரிகின்றன, பொலித்தீன் இல்லை. நவம்பர் நடுப்பகுதி நமக்கு மழைக் காலம். அந்த மாதத்தில் பொலித்தீன் இல்லாத துணிப் பார்சல் எந்த வழியால் போனாலும் நனையத்தான் பார்க்கும். ஆகவே "பொலித்தீன் போடாமல் கட்டினேன்" என்பது நிச்சயம், அதை எழுதலாம். "கூரியர்காரர் மழையில் போட்டார்" என்பது ஊகம், அதை எழுதக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நல்ல சாயம் தண்ணீர் பட்டவுடன் இறங்காது. நூலுக்குச் சாயம் போட்டபின், ஒட்டாமல் மேலே நிற்கும் மிச்சச் சாயத்தைத் தண்ணீர் தெளியும்வரை அலசி எடுக்க வேண்டும். அந்த அலசல் குறைந்தால் கடும் சிவப்பும் கடும் நீலமும் ஈரம் பட்ட இடத்தில் பக்கத்து வெள்ளைக்கு ஓடும். உங்களிடம் அதே நூலில் நெய்த சேலை மிச்சமிருந்தால் இன்றே பாருங்கள். ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, கரையின் மேல் பத்துத் தடவை தேயுங்கள். பிறகு அதே ஈரத் துணியைக் கரையின் மேல் விரித்து, ஒரு தட்டைக் கவிழ்த்து அரை மணி நேரம் வையுங்கள். துணி இளஞ்சிவப்பாக மாறினால் பிழை மழையில் மட்டும் இல்லை, சாயத்திலும் இருக்கிறது. அப்படியானால் அந்த அக்காவிடம் நனையாமல் போய்ச் சேர்ந்த இரண்டாவது சேலையும் முதல் கழுவலில் இறங்கக்கூடும். அது அவருக்கு இன்னும் தெரியாது. நீங்கள் இப்போது சொல்லாவிட்டால், இரண்டு மாதம் கழித்து இன்னும் கோபமாக ஒரு மின்னஞ்சல் வரும். மன்னிப்புக் கடிதத்தில் வாடிக்கையாளருக்குத் தெரியாத பிழையையும் நாமே சொல்வது முட்டாள்தனம் என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் அவர் நம்மைத் திரும்ப நம்பத் தொடங்குவது அந்த ஒரு வரியில்தான்.

இனி உங்கள் வசனங்களுக்கு வருகிறேன். "தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டமைக்கு வருந்துகிறோம். தங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். நம் தமிழில் இந்த "ஏற்பட்டது", "நிகழ்ந்தது", "நேர்ந்துவிட்டது" எல்லாம் மிக வசதியான வினைகள். செய்தவர் யார் என்று சொல்லாமலே வசனம் முடிந்துவிடும். அரச அலுவலகக் கடிதங்களை வாசித்து வாசித்து நமக்கு அதுதான் மரியாதையான தமிழ் என்று பழகிவிட்டது. ஆனால் விழாவுக்குப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு நின்றவருக்கு "தாமதம் ஏற்பட்டது" என்பது யாருக்கோ நடந்த கதையாகத்தான் கேட்கும். "நான் நான்கு நாள் பிந்தி அனுப்பினேன்" என்று எழுதினால் வசனத்துக்கு ஓர் ஆள் வந்துவிடுவார். "இருந்தால்" என்பதையும் எடுத்துவிடுங்கள். ஒருமுறை நானும் "சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்று ஒரு அம்மாவுக்கு எழுதி, "இருந்தால் என்று ஏன் கேட்கிறீர்கள்? கிழிந்த படத்தை அனுப்பினேனே, பார்க்கவில்லையா?" என்று ஒரே வரியில் பதில் வாங்கினேன். அன்றிலிருந்து அந்தச் சொல்லை மன்னிப்புக் கடிதத்தில் நான் போட்டதில்லை. "வருந்துகிறோம்", "எமக்கு" என்பதும் வேண்டாம். நீங்கள் ஒருவர்தான் கடை. "நான்" என்றே எழுதுங்கள்.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரோய் லெவிக்கியும் வேறு இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மன்னிப்பை ஆறு பகுதியாகப் பிரித்துப் பார்த்தது: வருத்தம், விளக்கம், பொறுப்பேற்றல், இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடு செய்ய முன்வருவது, மன்னியுங்கள் என்று கேட்பது. அந்த மன்னிப்புகளை வாசித்தவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பேற்றல், அடுத்தது ஈடு செய்வது. எல்லாவற்றிலும் குறைவாக எடுபட்டது "மன்னியுங்கள்" என்ற வேண்டுதல். இன்னொரு ஆய்வு ஊபர் வாடகைக் கார் நிறுவனத்தில் நடந்தது. கார் பிந்திய சுமார் 15 இலட்சம் பயணிகளுக்கு விதவிதமான மன்னிப்புகளை அனுப்பிப் பார்த்தார்கள். வெறும் சொல்லைவிட 5 டொலர் கழிவு சேர்த்த மன்னிப்புத்தான் வேலை செய்தது. இனிமேல் நன்றாகச் செய்வோம் என்று வாக்குக் கொடுத்த மன்னிப்பும், திரும்பத் திரும்பக் கேட்ட மன்னிப்பும் சில வேளை ஒன்றும் அனுப்பாததைவிடக் கெடுதலாக முடிந்தன. இரண்டையும் அப்படியே கல்லடிக்குக் கொண்டுவர முடியாது. முதலாவதில் வாசித்தவர்கள் அமெரிக்கர்கள், கதையும் வேலைக்கு விண்ணப்பித்த ஒருவருடைய பிழையைப் பற்றியது. இரண்டாவதில் பெரிய நிறுவனம், முகம் தெரியாத பயணி. ஆனாலும் "பொறுப்பு முதலில், ஈடு அடுத்தது, வாக்குறுதி வேண்டாம்" என்பது நான் கடையில் கண்டதோடு ஒத்துப்போகிறது. "இனிமேல் இப்படி நடக்காது" என்று நீங்கள் எழுதியதை எடுக்கச் சொல்வது இதனால்தான். அடுத்த மழையில் என்ன நடக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது.

"அடுத்த ஓடரில் 10 வீதக் கழிவு" என்று நீங்கள் எழுதியதில் மட்டும் அந்த இரண்டாவது ஆய்வைப் பின்பற்றாதீர்கள். காரில் போகிறவர் நாளைக்கும் எங்கோ போகத்தான் வேண்டும், அவருக்குக் கழிவு கையில் வந்த காசு மாதிரி. சாமத்திய வீடு முடிந்துவிட்டது. இந்த அக்காவுக்கு 680 ரூபா குறைய வேண்டுமென்றால் மறுபடியும் 6,800 ரூபாவுக்கு உங்களிடமே வாங்க வேண்டும். "எனக்கு நட்டம் வைத்துவிட்டு எனக்கே இன்னொன்று விற்கப் பார்க்கிறார்" என்றுதான் அவர் வாசிப்பார். மாற்றுச் சேலையும் இதே கதைதான். விழாவுக்காக வாங்கிய பொருள் விழாவுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் மாற்றுப் பொருள் ஈடாகாது, பணம்தான் ஈடு. எவ்வளவு என்பதையும் நீங்களே எண்ணிச் சொல்லுங்கள், அவரைக் கேட்க வைக்காதீர்கள். கெட்ட சேலை 6,800, கூரியர் 550, இரண்டும் சேர்ந்து 7,350 ரூபா. அது பேச்சுக்கு இடமில்லாமல் அவருடையது. மற்றச் சேலை நன்றாக இருந்தாலும் அவர் வாங்கியது சோடியாக. சோடி உடைந்தபின் ஒற்றைச் சேலை வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே முடிவெடுக்கட்டும். வேண்டாம் என்றால் மொத்தம் 14,150 ரூபா. சிறிய கடைக்கு இது வலிக்கிற தொகை என்பது எனக்குத் தெரியும். ஆனால் திரும்பி வரும் அந்தச் சேலையை, சாயம் பற்றிச் சொல்லி விலை குறைத்தாவது விற்கலாம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். 8ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் பிந்தும் என்று அவருக்குச் சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சொல்லியிருந்தால் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். துணித் தேய்ப்பில் சாயம் வராவிட்டால், சாயம் பற்றிய வரியையும் எடுக்கலாம்.

"பொருள்: இரண்டு சேலை ஓடர், உங்கள் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி

அக்கா, வணக்கம்.

மகளின் சாமத்திய வீட்டுக்கு என்று நீங்கள் கேட்ட சேலைகள் விழாவுக்கு மறுநாள்தான் உங்கள் கைக்கு வந்தன. 8ஆம் திகதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு 12ஆம் திகதிதான் அனுப்பினேன். பிந்தும் என்று தெரிந்தவுடன் உங்களுக்குச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நீங்கள் அங்கேயே வேறு சேலை பார்த்திருப்பீர்கள். மழைக் காலம் என்று தெரிந்தும் பொலித்தீன் போடாமல் கட்டினேன். இவை என் பிழைகள். மன்னிப்புக் கேட்கிறேன்.

சாயம் இறங்கிய சேலைக்கு 6,800 ரூபாவும் கூரியருக்கு 550 ரூபாவும் சேர்த்து 7,350 ரூபாவைத் திருப்பித் தருகிறேன். உங்கள் வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் பதிலில் எழுதுங்கள். கிடைத்த அன்றே போட்டுச் சீட்டை அனுப்புகிறேன். அந்தச் சேலையைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இரண்டும் ஒரே மாதிரி வேண்டும் என்றுதான் வாங்கினீர்கள். மற்றதும் இனித் தேவையில்லை என்றால் ஒரு சொல் எழுதுங்கள். அதற்கும் சேர்த்து 14,150 ரூபாவாகப் போட்டுவிட்டு, சேலையை என் செலவில் உங்கள் வீட்டிலிருந்து எடுப்பிக்கிறேன். வைத்துக்கொள்வதாக இருந்தால், முதல் தடவை வேறு துணியோடு சேர்க்காமல், ஊறவைக்காமல், குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். இரண்டுக்கும் ஒரே சாயம். என்னிடம் உள்ள இன்னொரு சேலையைச் சோதித்துப் பார்த்தேன், ஈரத்தில் சிவப்பு இறங்குகிறது."

கீழே உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். "தொடர்ந்தும் எமக்கு ஆதரவு தருமாறு" என்ற கடைசி வரி வேண்டாம். தொடக்கத்தில் "மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு" என்று போட்டிருந்தீர்கள். அதை மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது. ஓடர் எடுக்கும்போது நீங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டதாகத் தெரிகிறது, கேள்வியிலும் அப்படித்தான் எழுதுகிறீர்கள். விற்கும்போது அக்கா, பிழை வந்ததும் வாடிக்கையாளர் என்றால், உறவு சொல்லி விற்றதே நடிப்பு என்று ஆகிவிடும். எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். நெசவுக்காரரின் பெயரும் கூரியரின் பெயரும் கடிதத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். அக்கா கேட்டால் உண்மையைச் சொல்லலாம். கேட்கும்முன் சொன்னால் சாட்டு.

ஒத்துக்கொண்டால் சிக்கல் வருமா என்று கேட்டீர்கள். நான் சட்டத்தரணி இல்லை, பெரிய தொகை என்றால் ஒருவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் இந்த விசயத்தில் அவரிடம் ஏற்கனவே என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள்: 11க்குக் கிடைக்கும் என்ற உங்கள் செய்தி, 12ஆம் திகதிச் சீட்டு, கறை பட்ட சேலையின் படம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்ய விரும்பினால் இவற்றை வைத்தே செய்யலாம், உங்கள் ஒப்புதல் தேவையில்லை. சாயம் பற்றிய வரியைத் தவிர, கடிதத்தில் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததும், நீங்கள் எப்படியும் தர வேண்டிய பணமும்தான். ஒரு எல்லை மட்டும் வையுங்கள்: "விழா கெட்டதற்கு முழுப் பொறுப்பும் நான்", "எந்த நட்டத்தையும் ஈடு செய்கிறேன்" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதாதீர்கள். செய்ததைச் செய்ததாக எழுதுங்கள், தொகையை இலக்கத்தில் எழுதுங்கள்.

இன்று இரவுக்குள் அனுப்புங்கள். முன்னதாகக் கோல் எடுக்க வேண்டாம். நம் ஆட்கள் தொலைபேசியில் ஒருவர் அழுகிற குரலில் கதைத்தால், மனதில் கோபம் இருந்தாலும் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு பணம் கேட்கவும் கூச்சப்படுவார்கள், கோபமும் ஆறாது. அவர் எழுதிக் கேட்டார், நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள். அவர் கோல் எடுத்தால் கதையுங்கள். கணக்கு இலக்கம் வந்ததும் பணத்தைப் போட்டு, வங்கிச் சீட்டின் படத்தோடு "போட்டுவிட்டேன் அக்கா" என்று ஒரு வரி மட்டும் அனுப்புங்கள், அதில் இன்னொரு மன்னிப்பு வேண்டாம். மூன்று நாளாகியும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை, கணக்கு இலக்கம் கேட்டு மட்டும் எழுதுங்கள்.

கூரியரிடம் கேட்பதைத் தனியாகக் கேளுங்கள். நனைந்த பெட்டியின் படம் அந்த அக்கா அனுப்பியவற்றில் இருந்தால் அதையும் சீட்டையும் வைத்து எழுதலாம். நட்டஈடு கோர எத்தனை நாள் அவகாசம் என்பது சீட்டின் பின்பக்கத்தில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பொலித்தீன் இல்லாமல் கட்டியது என்று அவர்கள் மறுக்கவும் கூடும், ஆகவே அந்தப் பணத்தை நம்பி அக்காவின் 7,350 ரூபாவைத் தள்ளிப்போடாதீர்கள். நாளை மருதமுனைக்குப் போவதாக இருந்தால், சிவப்பு ஒட்டிய அந்த வெள்ளைத் துணியையும் கையில் எடுத்துக்கொண்டு போய் நெசவுக்காரரிடம் காட்டுங்கள்.